அடிக்கு முந்தைய அடி

பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி மௌனத்தில்தான் தொடங்குகிறது. மேற்கத்திய இசைப் பக்கமே போகாதவர்களின் காதிலும் எப்போதாவது விழுந்திருக்கும் அந்த நான்கு சுரங்கள், மூன்று குறிலும் ஒரு நெடிலுமாக. அவற்றுக்கு முன்னால் ஸ்கோரில் ஒரு சின்ன ஓய்வுக்குறி இருக்கிறது. முதல் பாரில் நான்கு குவேவர்களுக்கு இடம். முதலாவது வெறும் ஓய்வு. மீதி மூன்றும் ஜி என்ற ஒரே சுரம். அடுத்த பாரில் ஈ ஃப்ளாட், அதன் தலைமேல் ஃபெர்மாட்டா என்னும் நீட்டிப்புக் குறி. வயலினிலிருந்து டபுள் பேஸ் வரை எல்லாத் தந்தி வாத்தியங்களும், கூடவே இரண்டு கிளாரினெட்டுகளும் இதை ஒரே மெட்டாக, உரக்க வாசிக்க வேண்டும். அதற்கு முன்னால் காதால் பற்றிக்கொள்ள எதுவுமே கிடையாது. முன்வாசிப்பு இல்லை, எண்ணிக் கொடுக்க ஆள் இல்லை. எதிரே ஒரு மனிதர் கையைத் தூக்குகிறார், இறக்குகிறார். நாற்பது ஐம்பது பேர் ஒரே நொடியில் பாய வேண்டும்.

இசைக்குழுவை நடத்தக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது கை போகும் பாதைகளைத்தான். எல்லாப் பாதையிலும் முதல் எண்ணிக்கை கீழே விழும், கடைசி எண்ணிக்கை மேலே ஏறும். மூன்று எண்ணிக்கை என்றால் கீழே, வலப்புறம், மேலே. நான்கு என்றால் கீழே, இடப்புறம் உள்ளே, வலப்புறம் வெளியே, மேலே. கண்ணாடி முன் நின்று பழகினால் சீக்கிரமே கைக்கு வந்துவிடும். ஆனால் அத்தனையும் பிழையில்லாமல் போடத் தெரிந்தவர்கூட ஐந்தாம் சிம்பொனியின் முதல் ஐந்து பாரில் திணறுவார். நடத்துநரின் வேலை என்ன என்பது அந்த ஐந்து பாரில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும் என்பதால், இந்தக் கட்டுரை அவற்றை விட்டு அதிகம் நகரப் போவதில்லை.

கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு ஒரு வேறுபாட்டை முதலில் சொல்லிவிட வேண்டும். பாடகர் தொடையில் போடும் தாளம், இப்போது எந்த இடத்தில் இருக்கிறோம் என்ற கணக்கைக் காட்டுகிறது. பாடுகிறவரும் அவரே, தாளம் போடுகிறவரும் அவரே. இசைக்குழு நடத்துநர் ஒரு சுரமும் வாசிப்பதில்லை. அவர் கை இப்போதைய கணக்கை மட்டும் காட்டிக்கொண்டிருந்தால், வாசிப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு வில்லை நகர்த்துவதற்குள் அந்த எண்ணிக்கை போய்விட்டிருக்கும். ஆகவே கை எப்போதும் அடுத்து வருவதைச் சொல்ல வேண்டும். ஒலிக்கப்போகும் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு எண்ணிக்கை முன்னதாகவே அதன் வேகமும் உரப்பும் குணமும் கையில் தெரிந்தாக வேண்டும்.

அதற்கான கருவிதான் ஆயத்த அடி. இதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். தொப்புளுக்குச் சற்று மேலே, கண்ணுக்குத் தெரியாத ஒரு மேசைப் பலகை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பேட்டனின் நுனி அந்த மட்டத்தில் அசையாமல் நிற்கிறது. பேட்டன் என்பது ஏறக்குறைய முப்பதிலிருந்து நாற்பது சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய குச்சி. பிடிக்கும் இடத்தில் தக்கை உருண்டை இருக்கும். நடத்துநர் மூச்சை இழுக்கிறார். அந்த மூச்சோடு கை மேலே எழுகிறது, திரும்புகிறது, இறங்கிப் பலகையைத் தொடுகிறது. தொட்ட புள்ளிதான் எண்ணிக்கை. தொட்டதும் நுனி மேலே துள்ளுகிறது. கை எழுந்து இறங்கிய நேரம் எவ்வளவோ, அதுவே பாட்டின் ஒரு எண்ணிக்கையின் நீளம். எவ்வளவு உயரம் எழுந்தது என்பதிலிருந்து உரப்பு தெரியும். வெடுக்கென்று எழுந்ததா, தேனில் இழுத்ததுபோல் எழுந்ததா என்பதில் சுரத்தின் குணம் தெரியும். ஊதுகிறவர்கள் அவரோடு சேர்ந்து மூச்செடுப்பார்கள், வில்காரர்கள் வில்லைத் தந்திக்கு மேல் கொண்டுவந்துவிடுவார்கள். புள்ளி விழும்போது எல்லாரும் ஏற்கெனவே கிளம்பியிருப்பார்கள்.

இப்போது பீத்தோவனுக்கு வருவோம். பாட்டின் காலம் இரண்டு எண்ணிக்கைதான், ஆனால் வேகம் அதிகம் என்பதால் பாருக்கு ஒரே அடியாகத்தான் நடத்துவார்கள். 1817இல் பீத்தோவன் தன் சிம்பொனிகளுக்கு மெட்ரோனோம் அளவுகளை வெளியிட்டார். அதன்படி இங்கே நிமிடத்துக்கு 108 பார். ஒரு பாருக்கு அரை நொடிக்குச் சற்றே கூடுதல். அந்த ஓய்வுக்குறியின் பங்கு ஒரு நொடியில் ஏழில் ஒரு பாகம்கூட முழுசாக இல்லை. நடத்துநரின் கை பலகையைத் தொடும்போது யாரும் வாசிக்கக் கூடாது. தொட்டுத் துள்ளுகிற அந்தத் துள்ளலில்தான் முதல் சுரம் பிறக்க வேண்டும். நம் பாஷையில் சொன்னால், எடுப்பு சமத்தில் இல்லை, தள்ளி இருக்கிறது. தள்ளிய எடுப்பில் பாடுகிறவர் சமத்தைத் தட்டிவிட்டு, அந்தத் தட்டின் விசையிலேயே பாட்டைப் பிடிப்பார். இங்கே தட்டுகிறவர் ஒருவர், பிடிக்கிறவர்கள் ஐம்பது பேர். சிக்கல் அங்கேதான்.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறுகள் பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது, கை கீழே வந்ததும் நின்றுவிடுவது. சத்தம் வருகிறதா என்று பார்க்கிற பயம் அது. துள்ளல் இல்லாததால் வாசிப்பவர்களுக்குக் கிளம்பும் இடம் தெரியாது, அவர்களும் காத்திருப்பார்கள், பிறகு யாரோ ஒரு துணிச்சல்காரர் முதலில் போக, மற்றவர்கள் பின்னால் ஓடுவார்கள். இரண்டாவது, மூன்று குறுஞ்சுரங்களையும் கையாலேயே காட்ட நினைத்து மூன்று குட்டி அடி போடுவது. அப்போது எது உண்மையான எண்ணிக்கை என்றே யாருக்கும் புரியாது. மூன்றாவது, கொஞ்சம் நுட்பமானது. நடத்துநர் மனத்தில் ஒரு வேகம், ஆயத்த அடியில் வேறு வேகம். கை நிதானமாக எழுந்து, பதற்றத்தில் வேகமாக விழும். குழுவில் பாதிப்பேர் ஏறிய வேகத்தை நம்புவார்கள், பாதிப்பேர் இறங்கிய வேகத்தை. ஆரம்பம் சிதறும். பெரும்பாலான நடத்துநர்கள் அப்போது குழுவைத்தான் முறைப்பார்கள்.

எந்தத் தவறு என்று கண்டுபிடிக்க இசைக்குழு தேவையில்லை. கைப்பேசியை எதிரே வைத்து, ஆயத்த அடியைப் படம்பிடித்து, ஒலியை அணைத்துவிட்டு ஒரு நண்பரிடம் காட்டுங்கள். ‘இதைப் பார்த்து, உனக்குத் தோன்றுகிற வேகத்தில் கைதட்டிக்கொண்டே போ’ என்று மட்டும் சொல்லுங்கள். அவர் தட்டுவதும் நீங்கள் நினைத்ததும் ஒன்றாக இருந்தால் சரி. இசை தெரியாத நண்பராக இருந்தால் இன்னும் நல்லது. பாட்டைத் தெரிந்தவர் உங்கள் கையைப் பார்க்காமல் தன் நினைவிலிருந்து தட்டிவிடுவார்.

அனுபவமுள்ள நடத்துநர்கள் சிலர் இந்த இடத்தில் ஆயத்த அடிக்கு முன்னால் ஒரு வெற்று அடியும் போடுவதுண்டு. வேகம் இரண்டு தடவை தெரிகிறது என்பது லாபம். வெற்று அடியிலேயே யாராவது பாய்ந்துவிடக்கூடும் என்பது ஆபத்து. மாணவர் குழுவில் வெற்று அடி கொடுப்பதாக இருந்தால், அதைச் சின்னதாக, மணிக்கட்டால் மட்டும் போட்டு, அப்படிப் போடப்போவதை வாயாலும் சொல்லிவிடுவது நல்லது.

ஆரம்பம் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். ஈ ஃப்ளாட் நீள்கிறது. எவ்வளவு நேரம்? ஸ்கோர் சொல்லாது, நடத்துநர்தான் முடிவுசெய்ய வேண்டும். இதில் பழைய சண்டையே உண்டு. 1869இல் நடத்துநர் கலையைப் பற்றி எழுதிய நூலில் ரிச்சர்ட் வாக்னர், தன் காலத்து நடத்துநர்கள் இந்த நீட்டிப்பை அவசரமாகக் கத்தரித்துவிடுகிறார்கள் என்று குறைபட்டுக்கொள்கிறார். நீளத்தைவிடப் பெரிய கேள்வி, எப்படி வெளியே வருவது என்பது. மூன்றாவது பாரிலும் அதே ஓய்வு, அதே மூன்று குறில்கள், இம்முறை எஃப் சுரத்தில். நீட்டிப்பை நிறுத்தும் சைகை ஒன்று, புதிய ஆயத்த அடி ஒன்று என்று தனித்தனியாகப் போட்டால் நடுவில் ஒரு பள்ளம் விழும். நிறுத்தும் வீச்சையே ஆயத்த அடியாக மாற்றிவிட்டால், கை சுழன்று சத்தத்தை வெட்டிய அதே விசையில் மூன்றாம் பாரின் மௌனத்தில் விழும். இரண்டாம் பாய்ச்சல் முதல் பாய்ச்சலின் தொடர்ச்சியாகக் கேட்கும். பள்ளம் வேண்டும் என்று விரும்பினாலும் தவறில்லை. தெரியாமல் விழக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டாவது நீட்டிப்பில் பீத்தோவன் ஒரு கண்ணி வைத்திருக்கிறார். முதல் நீட்டிப்பு ஒரு பார். இரண்டாவதில் டி சுரம் நான்காம் பாரில் தொடங்கி, கட்டுக்கோட்டால் ஐந்தாம் பாரோடு சேர்க்கப்பட்டிருக்கிறது. ஃபெர்மாட்டா ஐந்தாம் பாரின் தலைமேல்தான். அதாவது முதல் நீட்டிப்பைவிட இது நீளம். நடத்துநர் நான்காம் பாருக்கு ஒரு அடியும் ஐந்தாம் பாருக்கு ஒரு அடியும் கொடுத்தாக வேண்டும். நான்காம் பாரிலேயே கையை நிறுத்திவிட்டால், தாளை ஒழுங்காக எண்ணுகிறவர் ஐந்தாம் பாருக்கான அடிக்காகக் காத்திருப்பார். பார்வையாளர்களுக்கு எதுவும் தெரியாது. ஆனால் அடுத்து இரண்டாம் வயலின்கள் நுழைய வேண்டிய இடத்தில் பாதிப்பேர் ஒரு பார் பின்தங்கி நிற்பார்கள்.

ஒத்திகையில் இது எப்படி நடக்கும்? ஒரு கல்லூரிக் குழு, நாற்பது பேர், இந்தப் பாட்டின் முதல் ஒத்திகை. கை விழுந்தது, சத்தம் ‘சரசர’வென்று வந்தது. நல்ல நடத்துநர் உடனே நிறுத்த மாட்டார். இருபது பாராவது ஓட விடுவார். முதல் தடவை விழுகிற தவறுகளில் பாதி, இரண்டாம் தடவை தாமாகவே சரியாகிவிடும். எல்லாவற்றுக்கும் நிறுத்தினால் வாசிப்பவர்கள் கேட்பதை விட்டுவிட்டு, எப்போது நிறுத்துவாரோ என்று காத்திருப்பார்கள். மறுபடி எடுக்கிறார். இப்போது எல்லோரும் சேர்ந்துதான் வருகிறார்கள், ஆனால் வேறொரு கோளாறு. மூன்று குறில்களில் முதலாவது அழுத்தி விழுகிறது. ஓய்வுக்குறி காணாமல் போய், நாலில் மூன்றாக இருக்க வேண்டியது, முழு எண்ணிக்கையை மூன்று சமபங்காகப் போட்ட திசிரம் போலக் கேட்கிறது. இந்தப் பாட்டில் மிகச் சாதாரணமான நோய் இது. காதால் கண்டுபிடிப்பது எளிது: முதல் குறில் எண்ணிக்கைமேல் உட்கார்ந்தது போலத் தோன்றினால் திசிரம், மூன்றும் அடுத்த நெடிலை நோக்கிச் சாய்ந்து ஓடினால் சரி.

மருந்து இப்படி. வாத்தியங்களைக் கீழே வைக்கச் சொல்கிறார். நம் ஊர்ப் பிள்ளைகளாக இருந்தால் வழி கையிலேயே இருக்கிறது: தகதிமி சொல்லச் சொல்லி, பிறகு முதல் ‘த’வை வாய்க்குள் விழுங்கச் சொல்ல வேண்டும். கதிமி, அடுத்த ‘த’ நெடில். விழுங்கிய ‘த’வின்போது எல்லோரும் காலால் மெல்லத் தட்டட்டும். சரியாக வந்ததும் அதையே பாதி வேகத்தில் வாத்தியத்தில். அடுத்து வில். முதல் குறிலை வில்லைக் கீழ்நோக்கி இழுத்துத் தொடங்கினால், அந்த இழுப்புக்கு இயல்பாகவே கனம் கூடும். அழுத்தம் முதல் குறிலில் விழும். அதனால் மேல்வில்லில் தொடங்கச் சொல்வது வழக்கம். மேல், கீழ், மேல். நெடில் கீழ்வில்லில் கனத்தோடு வந்து விழும். கடைசியாக முழு வேகத்துக்குத் திரும்ப வேண்டும். கழற்றிப் பழகியதைப் பாட்டில் திரும்ப மாட்டாமல் விட்டுவிட்டால் அடுத்த நாள் எல்லாம் பழையபடி இருக்கும்.

நிறுத்திப் பேசுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. யார், எங்கே, என்ன என்ற வரிசை. ‘இரண்டாம் வயலின், ஆறாம் பார், இன்னும் மெல்ல.’ பெயரை முதலில் சொன்னால் அவர்கள் நிமிர்வார்கள், மற்றவர்கள் ஓய்வெடுக்கலாம். ‘அந்த இடம் கொஞ்சம் உணர்ச்சி போதவில்லை’ என்று தொடங்கினால் நாற்பது பேரும் குழம்புவார்கள். ‘உணர்ச்சி’ என்று சொல்லி வில் எந்தப் பக்கம் போக வேண்டும், எவ்வளவு நீளம் போக வேண்டும் என்று சொல்லாத நடத்துநர்களை அனுபவமுள்ள வில்காரர்கள் பொறுமையோடு சகித்துக்கொள்கிறார்கள் என்பதுதான் என் கணிப்பு. இடத்தைச் சொன்ன பிறகு எல்லோரும் தாளில் கண்டுபிடிக்கும்வரை ஒரு மூச்சு காத்திருக்க வேண்டும். அதற்கு முன் கையைத் தூக்கினால் பாதிக் குழுதான் கிடைக்கும்.

ஒன்றாகத் தொடங்கியாயிற்று என்றால் ஒலி அமைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. டபுள் பேஸின் தந்தி தடிமனானது. வில் பட்டு அது வாய்திறக்க வயலினைவிடக் கொஞ்சம் நேரமாகும். மூன்று வேகமான குறில்களில் அந்தத் தாமதம் மங்கலாகக் கேட்கும். ஆகவே பேஸ்காரர்களிடம் ‘முன்னால் இருங்கள், சின்ன வில், தந்தியை முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள்’ என்பார் நடத்துநர். அவர்களுக்கு அவர் கை பின்தங்கியதாகத் தோன்றும். அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்குச் சரியாகக் கேட்கும். கிளாரினெட்டுகளோ இவ்வளவு தந்திகளுக்கு நடுவே தனியாகக் காதில் விழுவதில்லை. அவை நின்றுபோனால்தான் ஒலியின் நடுவில் ஒரு கருமை குறைந்தது தெரியும். ஒத்திகையில் தந்திகளை நிறுத்திவிட்டு அவ்விருவரை மட்டும் ஒருமுறை வாசிக்கச் சொல்வது வீண் வேலை இல்லை. எதை இழைக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குக் காதில் விழும்.

கையின் குணம் ஒலியில் இறங்குவதை நேரே சோதித்துப் பார்க்கலாம். ஒரு வாத்தியக்காரரிடம் ஒரே சுரத்தைக் கேளுங்கள். முதலில் மணிக்கட்டால் சுருக்கென்று, கூர்மையான புள்ளியோடு ஒரு ஆயத்த அடி. பிறகு முழங்கையிலிருந்து, தண்ணீரைத் தள்ளுவதுபோல எதிர்ப்போடு ஒன்று. வாயால் எதுவும் சொல்லாமலேயே முதல் சுரம் கடித்துத் தொடங்கும், இரண்டாவது அகலமாகத் திறக்கும். தோள் ஏறி இறுகியிருந்தால் அதுவும் அப்படியே போய்ச் சேரும்: ஊதுகிறவர்களின் மூச்சு மேலேயே நின்றுவிடும், ஒலி மெலிந்து நெரியும். வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லரின் அடி தெளிவில்லாதது, நடுங்கி இறங்குவது என்று பேர்வாங்கியது. ஆனாலும் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கிடமிருந்து அவர் எடுத்த கனமான, அடியிலிருந்து எழும் ஒலி அந்த நடுக்கத்தோடு சேர்ந்தே வந்தது. பல வருஷம் கூடவே வாசித்த குழு அவருக்கு இருந்தது. முதல் ஒத்திகைக்கு வந்திருக்கும் மாணவர் நடத்துநர் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளத் தொடங்கினால் சிதறல்தான் மிஞ்சும்.

ஆறாம் பாரில் சட்டென்று எல்லாம் மெல்லிசாகிறது. இரண்டாம் வயலின்கள் அதே வடிவத்தைத் தாழ்ந்த குரலில் எடுக்க, அடுத்த பாரில் வியோலா, அதற்கடுத்து முதல் வயலின் என்று கைமாறுகிறது. ஐந்தாம் பாரின் நீட்டிப்பைப் பெரிய வீச்சால் வெட்டுகிற நடத்துநர், அந்தப் பெரிய வீச்சையே ஆயத்த அடியாகவும் கொடுத்துவிட்டால் இரண்டாம் வயலின்கள் உரக்கத்தான் நுழைவார்கள். தாளில் மெல்ல என்று இருக்கிறதே என்று கோபித்துப் பயனில்லை. கை உரக்க என்று சொன்னது. வெட்டிய பிறகு கையை உடலுக்கு அருகே இழுத்து, இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு புதிய ஆயத்த அடி வேண்டும். இடது கைக்கு இங்கே வேலை வருகிறது. வலது கையை அப்படியே பின்பற்றி இரண்டு கையையும் ஆட்டுவது புதியவர்களிடம் உள்ள பழக்கம். இடது கை அப்போது ஒன்றும் சொல்வதில்லை. உள்ளங்கையைக் குழுவுக்குக் காட்டித் தாழ்த்தினால் அடக்கச் சொல்கிறது. நுழையப் போகிற வியோலாக்களைப் பார்த்து ஒரு பார் முன்னதாகவே கண்ணும் இடது கையும் திரும்பினால், அவர்கள் எண்ணிக்கையைத் தொலைத்திருந்தாலும் பிடித்துக்கொள்வார்கள். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இளம் நடத்துநர்களுக்குச் சொன்ன பத்துக் குறிப்புகளில் ஒன்று, பித்தளை வாத்தியங்களை ஊக்கமாகப் பார்க்காதே என்பது. வேடிக்கையாகச் சொன்னதுதான், ஆனால் ஒரு பார்வையே அங்கே எவ்வளவு சத்தத்தை எழுப்பும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த சிம்பொனி முதன்முதலில் அரங்கேறியது 1808 டிசம்பர் 22 அன்று, வியன்னாவின் தியேட்டர் அன் டெர் வீனில். குளிர்கால இரவு, ஏறக்குறைய நான்கு மணி நேர நிகழ்ச்சி, ஒத்திகை போதவே இல்லை. அதே இரவில் கடைசியாக வாசித்த கோரல் ஃபேண்டசியில் குழு சிதறிப்போய், நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. இன்று தொழில்முறைக் குழுக்கள் இரண்டரை, மூன்று மணி நேர ஒத்திகைகள் சிலவற்றோடு மேடையேறிவிடுகின்றன. பாட்டு அவர்களுக்குப் பழக்கமானது என்பதால் நேரம் முழுவதும் கடைசி நுணுக்கங்களுக்குப் போகிறது. மாணவர் குழுவுக்கோ இந்த ஐந்து பாருக்கே அரை மணி நேரம் ஒதுக்கினாலும் நஷ்டமில்லை. அதற்கு மேல் ஒரே மூச்சில் தேய்த்தால் மேல்வில் தளர்ந்து, சரியாக வந்ததும் கெட்டுப்போகும். விட்டுவிட்டு வேறு பகுதிக்குப் போய், ஒத்திகையின் கடைசியில் ஒருமுறை மட்டும் திரும்ப எடுப்பது நல்லது.

இருபத்தோராம் பாரில் இன்னொரு நீட்டிப்பு இருக்கிறது. மற்றவர்கள் ஒரு குறுகிய வெட்டோடு நின்றுவிட, முதல் வயலின்கள் மட்டும் ஜி சுரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். பிறகு உரத்த அந்த ஆரம்ப வடிவம் மறுபடி. வெறும் அரங்கில் ஒத்திகை பார்க்கும்போது மற்றவர்களின் வெட்டு சுவரில் மோதி எதிரொலித்துக்கொண்டே இருக்கும். அது அடங்கும்வரை நீட்டிப்பை வைத்துக்கொள்ளத் தோன்றும். மாலையில் ஆட்கள் நிறைந்து, உடையும் உடம்பும் ஒலியை உறிஞ்சிக்கொண்டதும் அந்த எதிரொலி சீக்கிரமே செத்துவிடும். வயலின்கள் தனியே மெலிந்து தொங்கும். அதனால் நடத்துநர் இந்த நீளத்தை நொடிக் கணக்கில் குறித்துக்கொடுப்பதில்லை. ‘என் கை எழும்வரை வில்லைச் சேமித்து வையுங்கள்’ என்று மட்டும் முதல் வயலின்களிடம் சொல்லிவிட்டு, மேடையில் காதால் முடிவுசெய்கிறார்.